இருபடிச் சமன்பாட்டுக்குப் படி நீக்கும் எடுத்துக்காட்டுகள்

படி நீக்கும் எடுத்துக்காட்டு என்பது கணக்குக் கற்பிக்கும் முறைகளுள் ஒன்று. முதல் கணக்கின் தீர்வு முழுமையாக எழுதிக் காட்டப்படும். அடுத்த கணக்கில் கடைசி வரி இருக்காது. மாணவர் அதை நிரப்ப வேண்டும். அதற்கடுத்த கணக்கில் இன்னும் சில வரிகள் குறையும். இறுதியில் சமன்பாடு மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதப் பாடத்தில் வரும் இருபடிச் சமன்பாட்டுக்கு இம்முறை நன்கு பொருந்தும். அதைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் வழியில் படிகள் ஐந்தாறுதான். ஒவ்வொரு படியிலும் நடக்கும் தவறும் வேறு. வடசென்னையில் மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கும் பாடத்திட்டமும் இதுவே என்பதால், இங்கு எடுத்துக்கொண்ட கணக்குகள் அந்தப் புத்தகத்தின் சொற்களோடும் எழுதும் வரிசையோடும் அமைக்கப்பட்டுள்ளன.

புத்தகத்தில் எடுத்துக்காட்டு முழுத் தீர்வோடு இருக்கும். பயிற்சியில் வெறும் கணக்கு இருக்கும். நடுவில் எதுவும் இல்லை. கைடு வைத்திருக்கும் பிள்ளைக்குப் பயிற்சிக் கணக்கும் முழுத் தீர்வோடு கிடைத்துவிடுகிறது. பார்த்து எழுதுவதோடு வேலை முடிகிறது. படி நீக்கும் முறை இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது.

முறையின் வேர்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இயற்கணிதக் கணக்குகளைப் பற்றியது. எல்லாவற்றையும் தானே போட்டுப் பார்த்தவர்களைவிட, தீர்த்த கணக்கைப் படித்து அதே மாதிரிக் கணக்கொன்றைப் போட்டவர்கள் பின்னர் அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் குறைந்த பிழையோடும் செய்தார்கள். வேறு வகைக் கணக்கு வந்தபோது அந்த நன்மை தெரியவில்லை. இந்த இரண்டாவது முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இருபடிக் கோவைக்கே நேராகச் செய்யப்பட்ட ஆய்வு 1987இல் வந்தது. சீனப் பள்ளி மாணவர்களுக்குக் காரணிப்படுத்துதலை ஆசிரியர் விளக்கவுரை இல்லாமல், வரிசையாக அமைத்த எடுத்துக்காட்டுகளாலும் பயிற்சிகளாலும் மட்டுமே கற்பிக்க முடியும் என்று ஜூ ஷின்மிங்கும் ஹெர்பர்ட் சைமனும் காட்டினார்கள்.

எடுத்துக்காட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவே வரிகளைச் சிறிது சிறிதாக நீக்கலாம் என்ற யோசனையை அலெக்சாண்டர் ரெங்கிலும் ராபர்ட் அட்கின்சனும் உடன் உழைத்தவர்களும் 2002இல் சோதித்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை இயற்பியலும் நிகழ்தகவும். இருபடிச் சமன்பாடு அல்ல. ஆகவே அந்த முறையை நம் பாடத்துக்குக் கொண்டுவரும்போது எந்த வரியை எப்போது எடுப்பது என்பதை ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தொகுதி

முதல் கணக்கு முழுமையாக இருக்கும்:

2x² − 5x − 12 = 0
பெருக்கல் −24, கூட்டல் −5: எண்கள் −8, 3
2x² − 8x + 3x − 12 = 0
2x(x − 4) + 3(x − 4) = 0
(x − 4)(2x + 3) = 0
x − 4 = 0 அல்லது 2x + 3 = 0
x = 4 அல்லது x = −3/2

இரண்டாம் கணக்கு 3x² + 10x − 8 = 0. இங்கும் பெருக்கல் −24தான். கூட்டல் 10 என்பதால் எண்கள் 12, −2. 3x(x + 4) − 2(x + 4) = 0 என்பது வரை எழுதிக் கொடுத்து, கீழேயுள்ள வரிகளை மாணவரிடம் விட வேண்டும். விடை −4, 2/3.

மூன்றாவது 3x² − 14x + 8 = 0. பெருக்கல் +24, கூட்டல் −14. நடு உறுப்பைப் பிரித்த வரி, அதாவது 3x² − 12x − 2x + 8 = 0, கொடுக்கப்படும். பொதுக் காரணி எடுப்பதிலிருந்து மாணவர் தொடர வேண்டும். −2x + 8 என்பதிலிருந்து −2ஐ வெளியே எடுத்தால் உள்ளே x − 4 வரும். பலர் x + 4 என்று எழுதுவார்கள். இந்தக் கணக்கை மூன்றாவது இடத்தில் வைத்ததே அந்தத் தவறு இங்கே வெளிப்படட்டும் என்பதற்காகத்தான். முந்தைய கணக்கில் −2x − 8 இருந்தது. அங்கே x + 4 சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவருக்குக் குறி ஏன் மாறியது என்பது புரியும். விடை 4, 2/3.

நான்காவது 4x² + 5x − 6 = 0. பெருக்கல் −24, கூட்டல் 5 என்ற வரி மட்டும் இருக்கும். 8, −3 என்ற எண்களை மாணவரே தேட வேண்டும். விடை −2, 3/4.

ஐந்தாவது 8x² = 2x + 3. எதுவும் கொடுக்கப்படாது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து 8x² − 2x − 3 = 0 என்று பொது வடிவில் எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும். எண்கள் −6, 4. 2x(4x − 3) + 4x − 3 என்ற இடத்தில், இரண்டாம் பாதியில் வெளியே எடுக்க ஒன்றுமில்லை என்று மாணவர் திகைப்பார். அங்கே +1(4x − 3) என்று எழுத வேண்டும். விடை 3/4, −1/2.

ஐந்து கணக்கிலும் பெருக்கல் 24 அல்லது −24 ஆக இருப்பது தற்செயல் அல்ல. வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிய எண்ணின் காரணிகளைத் தேடிக்கொண்டிருந்தால் குறியிலும் பிரிப்பிலும் கவனம் நிற்காது. ஆனால் அடுத்த தொகுதியில் கட்டாயம் வேறு எண் வேண்டும். இல்லாவிட்டால் 24 என்றே மனப்பாடமாகிவிடும்.

இதற்கு நகல் தாள்கூடத் தேவையில்லை. ஆசிரியர் ஐந்து தீர்வுகளையும் முன்பே தன் குறிப்பேட்டில் முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு, கரும்பலகையில் ஒவ்வொன்றையும் எந்த வரி வரை எழுதுவது என்று அடிக்கோடு போட்டுக்கொண்டால் போதும்.

எந்த வரியை நீக்குவது

கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி நீக்குவதில் ஒரு வசதி உண்டு. தொடக்கத்திலேயே மாணவர் ஒரு கணக்கை முடித்து விடையைப் பார்க்கிறார். தன் வரி சரியா என்று சமன்பாட்டில் போட்டுச் சோதிக்கவும் முடிகிறது. முதல் வரியை முதலில் நீக்கினால், அங்கே தவறியவருக்குக் கீழே கொடுத்துள்ள வரிகளும் குழப்பமாகிவிடும்.

ஆனால் ரெங்கில், அட்கின்சன், குரோசே ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் பார்க்க வைத்தது. எந்த இடத்து வரி நீங்கியது என்பதைவிட, எந்த விதி நீங்கியது என்பதே முக்கியம். நீக்கப்பட்ட படியின் விதியைத்தான் மாணவர் நன்றாகக் கற்றார். மேலே உள்ள தொகுதியை இந்தக் கண்ணால் பார்த்தால் ஒரு குறை தெரியும். x − 4 = 0 என்று பிரிக்கும் வரியை மாணவர் நான்கு முறை எழுதுகிறார். எண்களைத் தேடும் வரியை, அதாவது மிகக் கடினமானதை, இரண்டே முறை எழுதுகிறார். ஆகவே நான்காம் வகைக் கணக்கை மட்டும் மூன்று நான்காகப் பெருக்க வேண்டும். எல்லாப் படிக்கும் சமமாக இடம் கொடுப்பது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், கற்றலுக்கு உதவாது.

கெடும் இடங்கள்

முதல் பிழை ஆசிரியர் கையில் நடப்பது. (x − __)(3x − __) = 0 என்று கோடிட்ட இடம் விட்டால் குறியும் கெழுவும் சொல்லப்பட்டுவிட்டன. மாணவர் கணக்கைப் பார்க்காமலே எண்ணை நிரப்பிவிடுவார். நீக்கும்போது வரியையே முழுதாக நீக்க வேண்டும்.

இரண்டாவது, மாணவர் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதுவது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொகுதி முடிந்ததும் x(x − 3) = 10 என்ற கணக்கைக் கொடுக்க வேண்டும். x = 10 அல்லது x − 3 = 10 என்று எழுதுபவர், பெருக்கல் பலன் பூச்சியமாக இருந்தால்தான் காரணிகளைத் தனித்தனியே பூச்சியம் எனலாம் என்பதை அறியாமலே இதுவரை விடை எழுதியிருக்கிறார். சரியான பொது வடிவம் x² − 3x − 10 = 0; விடை 5, −2. இந்த நிலை வராதிருக்க, நிரப்பும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ‘ஏன்?’ என்பதற்கு நாலு வார்த்தையில் பதில் எழுதச் சொல்வது பயன்தரும். நேரம் அதிகம் எடுக்கும். ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, ஏற்கெனவே போடத் தெரிந்தவருக்கும் இதே தாளைக் கொடுப்பது. அவருக்கு எழுதியுள்ள வரிகள் இடைஞ்சல். தன் வழியை விட்டு அடுத்தவர் வழியைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது. கல்யுகாவும் ஸ்வெல்லரும் மற்றவர்களும் 2003இல் இந்தத் தலைகீழ் விளைவை விரிவாக விளக்கினர். வகுப்பின் தொடக்கத்தில் ஒரு சமன்பாட்டை எழுதி ‘அடுத்த வரி மட்டும் எழுதுங்கள்’ என்று கேட்டால் யாருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும். நடு உறுப்பைச் சரியாகப் பிரித்து எழுதியவர் ஐந்தாம் கணக்குக்கே போகலாம்.

மற்ற முறைகளுக்கு

வர்க்கப் பூர்த்தி முறையில் a-வால் வகுத்ததும் பின்னம் வந்து மாணவரை வாட்டும். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி இதைத் தவிர்க்கிறது. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் விதி மிஞ்சியது. சமன்பாட்டை 4a-வால் பெருக்கி, இருபுறமும் b²-ஐக் கூட்ட வேண்டும். நம் முதல் கணக்கையே எடுத்தால்:

16x² − 40x = 96
16x² − 40x + 25 = 121
(4x − 5)² = 121
4x − 5 = ±11

x = 4 அல்லது −3/2. இங்கே ± குறியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஆகவே முதலில் நீக்க வேண்டிய வரி நான்காவது.

வாக்கியக் கணக்குக்கு மேற்சொன்ன தொகுதி உதவாது. மணலியில் தினமும் கண்ணில் படும் டேங்கர் லாரியை வைத்து ஒரு கணக்கு அமைப்போம். ஒரு லாரி 20 கி.மீ. தூரத்தைச் சரக்கோடு சீரான வேகத்தில் கடக்கிறது. திரும்பும்போது மணிக்கு 10 கி.மீ. கூடுதல் வேகத்தில் வந்ததால் 10 நிமிடம் மிச்சமாகிறது. போன வேகம் என்ன? 20/x − 20/(x + 10) = 1/6 என்பது x² + 10x − 1200 = 0 ஆகிறது. (x + 40)(x − 30) = 0 என்பதில் −40 வேகமாக இருக்க முடியாது; விடை மணிக்கு 30 கி.மீ. தீர்க்கும் வரிகளை ஐந்து கணக்குகளில் பழகிய மாணவரும் 10 நிமிடத்தை 1/6 மணி என்று மாற்றும் இடத்தில் நின்றுவிடுவார். சமன்பாட்டை அமைக்கும் அந்த வரிகளுக்குத் தனியாக ஒரு தொகுதி எழுத வேண்டும்; அதில் முதலில் நீக்க வேண்டியதும் அந்த 1/6 வரும் வரிதான்.