வளரறி, தொகுத்தறி: ஓர் அட்டவணை இழப்பது எது?

மகாராஷ்டிர அரசு 2010 ஆகஸ்டில் தொடக்கக் கல்விக்குத் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. அங்கு வளரறி மதிப்பீட்டை 'ஆகாரிக்' என்றும் தொகுத்தறி மதிப்பீட்டை 'சங்கலித்' என்றும் சொல்கிறார்கள். ஆகாரிக்குக்கு எட்டுக் கருவிகள் உண்டு: அன்றாட நோக்கல், வாய்மொழி, செய்முறை, செயல்பாடு, செயல்திட்டம், சிறுதேர்வு, வகுப்புப் பணி, பிற. முதலிரு வகுப்புகளில் இதற்கு 70 மதிப்பெண், சங்கலித்துக்கு 30.

ஆசிரியப் பயிற்சிப் பாடத்தைச் சுருக்குபவர் பெரும்பாலும் இந்தக் கருவிகளை அட்டவணையின் ஒரு பத்தியிலும் பருவத் தேர்வை மறு பத்தியிலும் எழுதிவிடுவார். அது தவறு என்பதே என் வாதம். சிறுதேர்வு இரண்டிலும் வரும். 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் இவ்விரு சொற்களைப் பாடத்திட்ட மதிப்பீட்டுக்காக முன்வைத்தபோதே, பிரிவினை கருவியைப் பற்றியதல்ல, முடிவை என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியது.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளின் தாள்கள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

| கணக்கு | முதல் பிள்ளை | இரண்டாம் பிள்ளை |
|---|---|---|
| 47 − 23 | 24 | 24 |
| 52 − 27 | 35 | 35 |
| 61 − 38 | 37 | 33 |
| 80 − 46 | 46 | 44 |

இருவருக்கும் நான்குக்கு ஒன்று. தொகுத்தறி இத்துடன் முடிகிறது. அதன் வேலைக்கு இது போதும். ஆனால் முதல் பிள்ளை, மேலே கீழே பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், பத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறது. முன்னதற்குக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். பின்னதற்கு, பத்தின் இலக்கத்தை அடித்துப் புதிய எண்ணை மேலே எழுதும் பழக்கமே போதும்.

52 − 27ஐ மட்டும் கொடுத்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்தே இராது. இரு பிழைகளும் அங்கே 35இல் சந்திக்கின்றன. பிழைகளைப் பிரித்துக் காட்டும் கணக்கைத் தேடுவது வளரறியின் கைவேலை. பாடத்தில் ஒரு பக்கம் பிடிக்கும் இந்தச் செய்திதான் அட்டவணையில் முதலில் உதிர்கிறது. ஆகவே அட்டவணையைக் கேள்விகளால் கட்டுவேன்:

| கேள்வி | வளரறி | தொகுத்தறி |
|---|---|---|
| எதைத் தேடுகிறோம்? | பிழையின் காரணம் | கற்றதன் அளவு |
| வினா எப்படி? | பிழைகளைப் பிரிப்பது | பாடம் முழுதும் பரவுவது |
| பிறகு என்ன? | நாளைய வகுப்பு மாறும் | பதிவேடு, பெற்றோருக்கு அறிக்கை |

இங்கே ஒரு சிக்கல் எஞ்சுகிறது. ஆகாரிக் மதிப்பெண்ணாகக் கூட்டப்படும்போது, ஜூலையில் செய்த பிழையை ஆகஸ்டில் திருத்திக்கொண்ட பிள்ளையும் ஜூலையின் குறைவைச் சுமக்கிறது. மூன்றாம் வரிசைப்படி பார்த்தால், அந்த நொடியிலேயே ஆகாரிக் தொகுத்தறியாகிவிடுகிறது. குறிப்பேட்டில் பிழையின் பெயரையும் அது தீர்ந்த நாளையும் எழுதி, தீர்ந்தபின் உள்ள நிலைக்கே மதிப்பெண் இடுவது எட்டுக் கருவிகளுக்கும் பொருந்தும்.