வெடிக்காத ஜெல்லி எப்படி வந்தது?

கணினி விளையாட்டில் ஒரு ஜெல்லித் துண்டு தரையில் விழுந்து தளதளவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சிதறிப் போகாமல் ஆடுவதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது.

பழைய வழி எளிமையானது. ஜெல்லியைப் பல புள்ளிகளாகப் பிரித்து, அவற்றைச் சுருள்வில்களால் இணைப்பார்கள். ஒரு வினாடியில் 60 தடவை, ஒவ்வொரு வில்லும் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டுப் புள்ளிகளை நகர்த்துவார்கள்.

நான் ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறை 1 கிலோ. வில் 1 சென்டிமீட்டர் நீண்டால் 180 நியூட்டன் விசையுடன் இழுக்கும். புள்ளியை 1 செ.மீ. வலப்பக்கம் இழுத்து விட்டேன். ஒரே படியில் அது 5 செ.மீ. பின்னால் பாய்ந்து, இடப்பக்கம் 4 செ.மீ. தள்ளிப் போய் நின்றது. அடுத்த படியில் வலப்பக்கம் 11, அதற்கடுத்து இடப்பக்கம் 29! திரையில் இது ஜெல்லி வெடிப்பதாகத் தெரியும். வினாடிக்கு 120 படிகள் வைத்தால் வெடிக்காது. ஆனால் வேலை இரட்டிப்பாகும்; வில்லை இன்னும் விறைப்பாக்கினால் அதுவும் போதாது.

1998இல் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் இருவரும் துணியை அசைக்க வேறு வழியைக் காட்டினார்கள். புள்ளி இப்போது நிற்கும் இடத்தை வைத்து இழுப்பைக் கணக்கிடாமல், படி முடிவில் அது போய்ச் சேரும் இடத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். பெரிய படியிலும் துணி நிலையாக இருந்தது. ஆனால் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியை ஒவ்வொரு படியிலும் தீர்க்க வேண்டும்.

2005இல் மத்தியாஸ் முல்லரும் அவருடைய சகாக்களும் வில்லையே விட்டுவிட்டார்கள். கசங்கிய ஜெல்லியின் மேல் அதன் பழைய வடிவத்தை, முடிந்தவரை பொருந்தும்படி நகர்த்தித் திருப்பி வைத்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதில் ஒரு சொந்த இடம் கிடைத்தது. புள்ளியை அந்த இடத்தை நோக்கி, இருக்கும் தூரத்தில் ஒரு பங்கு மட்டும் இழுத்தார்கள். பாதித் தூரம், முழுத் தூரம் என்று வைக்கலாம். அதற்கு மேல் கிடையாது. என் கணக்கில் 1 செ.மீ.க்கு 5 செ.மீ. இழுத்ததே கோளாறு. இங்கே அந்த 5, படி எவ்வளவு பெரிதானாலும் 1ஐத் தாண்டாது.

இதற்கும் எல்லை உண்டு. பங்கை மாற்றாமல் 60 படிகளை 120 ஆக்கினால் அதே ஜெல்லி விறைத்துப் போகும். இன்னொன்று, ஒரே வடிவத்தை முழு உடலுக்கும் பொருத்துவதால் நீண்ட உடல் பாம்பு போல வளையாது. 2007இல் அலெக் ரிவர்ஸ், டக் ஜேம்ஸ் இருவரும் உடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்குத் தனித்தனியே வடிவம் பொருத்தினார்கள். அதன்பின் வாலை ஆட்டினால் தலையும் கூடவே திரும்ப வேண்டியதில்லை.