மன்னாரை மூடிய கோடு

மலையக மக்கள் வந்ததையும் திரும்பிப் போனதையும் ஒரே தாளில் காட்ட வேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டோம். தென்னிந்தியாவிலிருந்து கோடுகள் கிளம்பி மலைநாட்டுக்கு வரும். ஆட்கள் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். கேட்க லேசான வேலைதான். போட்டு முடித்து தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டினபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மன்னார் எங்க? எங்க அக்கா கப்பலேறின எடம் அதானே?"

மன்னார் கோட்டுக்கு அடியில் இருந்தது.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று எழுதப்பட்ட எண் 5,25,000. ஒரு லட்சம் பேருக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தோம், கோடு 10.5 மில்லிமீட்டர் ஆனது. தமிழ்நாட்டையும் இலங்கையையும் ஒரு A4 தாளில் அடக்கினால் 1 மில்லிமீட்டர் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அப்படியென்றால் எங்கள் கோடு 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம்! தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கடலே அவ்வளவுதான். தீவு முழுசா மறைஞ்சு போச்சு.

இந்தச் சிக்கல் பழையது. பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ல் ஜோசப் மினார், 1858ஆம் ஆண்டில் உலகில் குடிபெயர்ந்தவர்களை இப்படித்தான் தடித்த கோடுகளாக வரைந்து 1862இல் வெளியிட்டார். மொரிசியசுக்கும் ரியூனியனுக்கும் போன இந்தியக் கூலித் தொழிலாளரும் அதில் ஒரு கோடு. பருத்தி இறக்குமதியைக் காட்டும் படங்களில் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார்: கோடு போக இடம் போதாத இடத்தில், கோட்டை மெலிய வைக்காமல் கடலை அகலமாக்கினார். இங்கிலீஷ் கால்வாய் அவர் படத்தில் நிஜத்தைவிட விரிந்து கிடக்கும். எண்ணைக் காட்ட வந்த படத்தில் கரையோரம் கொஞ்சம் வளையலாம், எண் வளையக்கூடாது என்பது அவர் கணக்கு.

நாங்களும் அதையே செய்தோம். ஒரு லட்சத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று பாதியாக்கினோம். நீரிணையை இரண்டு மடங்கு அகலமாக்கி, "இந்தக் கடல் அளவுக்கு வரையப்படவில்லை" என்று பக்கத்திலேயே எழுதினோம். மன்னார் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய பிழை கண்ணில் பட்டது. 5,25,000 என்பது இரண்டு அரசுகள் எழுதிய எண். கப்பலேறியவர்கள் அதைவிட நன்றாகக் குறைவு. அதைப் போனவர்களின் கோடாக வரைந்தால், போகாமல் இங்கேயே இருந்தவர்களையும் நாங்களே நாடு கடத்தின மாதிரி ஆகிவிடும். அதனால் அந்தத் தடிப்பை உள்ளே நிறம் இல்லாத வெறும் விளிம்பாக விட்டு, உண்மையில் போனவர்களை மட்டும் அதற்குள் நிறமாக நிரப்புவது என்று முடிவெடுத்தோம். குடியுரிமை தருவதாகச் சொன்ன 3,00,000 பேர் எங்கேயும் நகரவில்லை. அவர்களுக்குக் கோடே கிடையாது. மலைநாட்டின் மேல் ஒரு வட்டம்தான். முடிவு சொல்லாமல் விட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் 75,000 வீதம் பங்கிட்டன. பத்து வருசம் அந்த மக்களுக்கு எந்தப் பக்கமும் அம்புக்குறி இல்லை. அவர்களை இன்னொரு வட்டமாக, நிறமில்லாமல் விட்டோம்.

வந்த பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கோப்பிக் காலத்தில் ஆட்கள் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். அஞ்சு வருசம் வந்து போன ஒருவர், வருகைகளைக் கூட்டினால் அஞ்சு பேர் ஆகிவிடுவார். ஆகவே வருகைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே திரும்பிய கோடும் ஓட வேண்டும். தேயிலை வந்த பிறகுதான், வருசம் முழுக்க வேலை என்பதால், குடும்பங்கள் தங்கின. திரும்பும் கோடு மெலிகிறது. இரண்டு காலத்தையும் ஒரே தாளில் போட்டால் நூல்கண்டு சிக்கின மாதிரி இருக்கும். எனவே கோப்பி, தேயிலை, ஒப்பந்தம் என்று மூன்று சின்னப் படங்களாகப் பிரித்தோம். மூன்றுக்கும் அளவு ஒன்றுதான். மாற்றினால் ஒப்பிட முடியாது.

மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த பாதையில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு நம்பக்கூடிய எண்ணிக்கை எங்கள் கையில் இல்லை. அங்கே தடிப்பு கொடுக்கவில்லை. புள்ளிக்கோடு மட்டும் போட்டோம்.

புதுப் படத்தை அந்தப் பெரியவரிடம் திரும்பக் கொண்டுபோனோம். தலைமன்னாரில் விரலை வைத்து, கடலைத் தாண்டி மண்டபத்துக்கு இழுத்து, அங்கிருந்து நீலகிரிக்குப் பிரியும் மெல்லிய கோட்டில் நிறுத்தினார். "அக்கா கோத்தகிரிலதான் இருந்துச்சு" என்றார்.