280 எங்கிருந்து வந்தது?

இன்னிக்கு எபிசோட் ஒரு எண்ணைப் பற்றி: 280. விவசாயி கையில் இருக்கிற மண்வள அட்டையில் தழைச்சத்துக்கு நேரா ஒரு அளவு இருக்கும், பக்கத்திலேயே ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று ஒரு வார்த்தை இருக்கும். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே வந்தால் குறைவு. 279 குறைவு, 281 நடுத்தரம். அந்த ஒரு வார்த்தை மாறினா எத்தனை மூட்டை யூரியா வாங்கணும் என்பதே மாறிடும். அந்தக் கோட்டை யார், எப்போ போட்டாங்க?

நெமிலிச்சேரியை எடுத்துக்குவோம். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு அந்த வழியாத்தான் போகுது. அங்கே நெல் போடுற ஒரு நிலத்தோட அட்டை இப்படி இருக்குன்னு வைங்க (எண்கள் என் கற்பனை, கணக்கு நிஜம்): தழைச்சத்து 238, மணிச்சத்து 26, சாம்பல்சத்து 190. எல்லாமே ஹெக்டேருக்குக் கிலோ.

தமிழ்நாட்டு ஆய்வகங்கள் வெச்சிருக்கிற எல்லைகள்: தழைச்சத்துக்கு 280, 450. மணிச்சத்துக்கு 11, 22. சாம்பல்சத்துக்கு 118, 280. டெல்டாவுக்கு வெளியே குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தோட பொதுப் பரிந்துரை 120:40:40. இதன் மேல பரவலா இருக்கிற விதி ரொம்ப எளிமை. குறைவுன்னா கால் பங்கு கூட்டு, அதிகம்னா கால் பங்கு கழி, நடுத்தரம்னா அப்படியே விடு. ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனியா பார்க்கணும். நம்ம அட்டைக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 30, சாம்பல்சத்து 40.

கடையில் சத்து கிடைக்காது, மூட்டைதான் கிடைக்கும். 30 கிலோ மணிச்சத்துக்கு டிஏபி 65 கிலோ. அதிலேயே கிட்டத்தட்ட 12 கிலோ தழைச்சத்தும் வந்துடும், அதைக் கழிக்க மறந்துடக் கூடாது. மீதிக்கு யூரியா சுமார் 300 கிலோ, பொட்டாஷ் 67 கிலோ. அட்டையே இல்லாம பொதுப் பரிந்துரைப்படி போட்டிருந்தா டிஏபி 87, யூரியா 227. அதாவது டிஏபி-யில் 22 கிலோ குறைஞ்சிருக்கு, யூரியாவில் 73 கிலோ கூடியிருக்கு.

சரி, அந்தக் கோடுகளுக்கு வருவோம். இந்தியாவில் மண் பரிசோதனை ஆய்வகங்கள் ஒரு திட்டமா தொடங்கினது 1955-56இல், இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழே. சோதனை முறைகளும் அப்போ புத்தம் புதுசு. மணிச்சத்துக்கு அமெரிக்காவில் ஓல்சன் குழு 1954இல் வெளியிட்ட முறை. தழைச்சத்துக்கு சுப்பையாவும் அசிஜாவும் 1956இல் வெளியிட்ட பெர்மாங்கனேட் முறை. 1965இல் அமெரிக்க உதவி நிறுவனம் டெல்லியில் ‘இந்தியாவில் மண் பரிசோதனை’ என்ற கையேட்டைப் போட்டது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூணு பெட்டியும் நாடு முழுக்கப் பரவ அந்தக் கையேடு ஒரு முக்கியக் காரணம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஏக்கருக்கு 1 பவுண்டு என்பது ஹெக்டேருக்கு 1.12 கிலோ. 250 பவுண்டை மாத்தினா 280. 400 பவுண்டை மாத்தினா 448, அதாவது நம்ம 450. மணிச்சத்தின் 11, 22 ரெண்டும் 10, 20 பவுண்டு. அகில இந்திய அட்டவணையில் தழைச்சத்தின் மேல் எல்லை 560. அது சரியா 500 பவுண்டு. இதைப் பார்க்கும்போது எனக்குத் தோணுறது, இந்தக் கோடுகளை மண் போடலை. பவுண்டு-ஏக்கர் காலத்தில் யாரோ வசதிக்காக முழு எண்ணில் நிறுத்தினாங்க, மெட்ரிக் வந்ததும் அது 280 என்று துல்லியமான முகத்தோட நிக்குது.

இதனால என்ன ஆகும்? 279 வந்தவருக்கு 150 கிலோ, 281 வந்தவருக்கு 120. இடைவெளி 30 கிலோ தழைச்சத்து, அதாவது 65 கிலோ யூரியா. ஒரே மண்ணை ரெண்டு தடவை சோதிச்சாலே அந்த 2 கிலோ வித்தியாசம் வந்துடும். இன்னொண்ணு: 500 வந்த மண் தமிழ்நாட்டு அட்டவணையில் ‘அதிகம்’, அகில இந்திய அட்டவணையில் ‘நடுத்தரம்’. மண் ஒண்ணுதான்!

இதை அப்பவே ஒருத்தர் கேள்வி கேட்டார். பி. ராமமூர்த்தி. 1967இல் அவரும் சக ஆய்வாளர்களும் சோனோரா-64 கோதுமையில் வேற வழியைக் காட்டினாங்க. எல்லையே வேண்டாம், எவ்வளவு விளைச்சல் வேணும்னு முதல்ல சொல்லு. ஒரு குவிண்டால் தானியத்துக்குப் பயிர் எவ்வளவு சத்து எடுக்கும், மண்ணில் சோதனை காட்டுறதில் எவ்வளவு பங்கு பயிருக்குப் போகும், போடுற உரத்தில் எவ்வளவு பங்கு போகும். இந்த மூணும் தெரிஞ்சா தேவையிலிருந்து மண் கொடுக்கிறதைக் கழிச்சு, உரத்தின் பங்கால வகுத்தா அளவு வந்துடும்.

அந்த மூணையும் கண்டுபிடிச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேற வேற ஊர் மண்ணை ஒப்பிட்டா, வித்தியாசம் சத்தாலா, மண் வகையாலா, மழையாலான்னு தெரியாது. அதனால ஒரே வயலை மூணு பட்டையா பிரிச்சு, ஒண்ணில் உரமே போடாம, அடுத்ததில் ஒரு பங்கு, மூணாவதில் ரெட்டிப்பு போட்டு, ஒரு பயிர் வெச்சு அறுப்பாங்க. இப்போ ஒரே மண்ணில் செயற்கையா மூணு வளம். அதுக்கு மேலதான் உண்மையான சோதனைப் பயிர். 1967-68இல் இதுக்கு அகில இந்திய ஆய்வுத் திட்டமே வந்தது. கோயம்புத்தூரும் அதில் ஒரு மையம். அங்கே பின்னாடி உருவான `DSSIFER` மென்பொருள் இந்தச் சமன்பாடுகளையும் வேளாண் துறைப் பரிந்துரைகளையும் ஒரே இடத்தில் வெச்சிருக்கு.

இந்த முறையில் 279க்கும் 281க்கும் உர அளவில் பெரிய வித்தியாசம் வராது, குதிக்காம சரிஞ்சு போகும். ஆனா விலை உண்டு. ஒரு மண் வகையில், ஒரு பயிருக்குக் கிடைச்ச சமன்பாடு இன்னொண்ணுக்குச் செல்லாது. ஒவ்வொண்ணுக்கும் வயலில் போய் உழைக்கணும். மூணு பெட்டி இன்னும் ஓடுறதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன். எந்த மண்ணுக்கும், எந்தப் பயிருக்கும் ஏதோ ஒரு பதில் சொல்லிடும்.

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கினப்போ மாதிரி எடுக்க ஒரு கட்டம் வகுத்தாங்க: பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. கிட்டத்தட்ட 6 ஏக்கர். நெமிலிச்சேரி மாதிரி ஊரில் அந்த 6 ஏக்கரில் ஒருத்தர் நெல் போட்டிருப்பார், பக்கத்துக்காரர் விக்கிறதுக்காகத் தரிசா விட்டிருப்பார், இன்னொருத்தர் லாரி மண் கொட்டி மேடாக்கியிருப்பார். எல்லாருக்கும் ஒரே எண். அட்டையில் இருக்கிறது உங்க நிலமான்னு தெரியணும்னா, மாதிரி எங்கே எடுத்தாங்கன்னு கேளுங்க. இல்லைன்னா நீங்களே எடுங்க: பல இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை ‘வி’ வடிவக் குழி, வரப்பு, மர நிழல், எருக்குவியல் பக்கம் வேண்டாம், எல்லாத்தையும் கலந்து கால் பிரிச்சு அரைக் கிலோ.

கடைசியா ஒரு பொறி. மணிச்சத்தை `P` என்றும் எழுதலாம், `P2O5` என்றும் எழுதலாம். `P`-யை 2.29-ஆல் பெருக்கினா `P2O5`. மேலே சொன்ன 11, 22 எல்லை `P`-க்கு. 18 கிலோ `P` இருக்கிற மண் நடுத்தரம். அதையே அட்டை `P2O5` ஆக 41 என்று அச்சடிச்சு, நீங்க 22 எல்லையோட ஒப்பிட்டா ‘அதிகம்’ ஆயிடும். 40 போட வேண்டிய இடத்தில் 30 போடுவீங்க. உர மூட்டையில் இருக்கிற எண் எப்பவும் `P2O5` தான், டிஏபி-யின் 46 அதுதான். அதனால அட்டையைக் கையில் எடுத்ததும் எண்ணுக்கு முன்னாடி, தலைப்பில் எந்த எழுத்து இருக்குன்னு பாருங்க.