இன்பெயின்டிங்கில் டீநாய்சிங் வலிமையும் மூலப்பொருளின் எச்சமும்

இன்பெயின்டிங்கில் டீநாய்சிங் வலிமையை 0.5 என வைத்தால் பொருள் பாதி மாறும் என்று பலர் கொள்கின்றனர். அந்த எண் மாற்றத்தின் விழுக்காடு அன்று. மூலப்படத்தின் மீது எவ்வளவு இரைச்சலைத் தூவிய பிறகு மீள வரையத் தொடங்குவது என்பதையே அது குறிக்கிறது. சென்லின் மெங் முதலானோர் 2021இல் முன்வைத்த எஸ்டிஎடிட் ஆய்வின் அடிப்படையும் இதுவே. 50 படிகளுக்கு 0.5 என்று கொடுத்தால், டிஃப்யூசர்ஸ் நிரல்தொகுப்பில் முதல் 25 படிகள் விடுபட்டு எஞ்சிய 25 மட்டுமே நடக்கும்.

தொடக்கப் புள்ளியில் மிஞ்சும் மூலம் நேர்கோட்டில் குறைவதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5இன் இரைச்சல் அட்டவணைப்படி கணக்கிட்டால், ஏறத்தாழ 0.35இலேயே மூலமும் இரைச்சலும் சரிபாதியாகக் கலந்துவிடுகின்றன. 0.75இல் மூலத்தின் கெழு 0.24 அளவுக்குச் சுருங்குகிறது. ஆயினும் இந்தச் சிறு எச்சமே விளைவை ஆள்கிறது. இயல்பான படங்களின் ஆற்றல் பெரும்பாலும் அகன்ற நிறப்பரப்புகளிலும் பெருவடிவத்திலும் குவிந்திருக்கும். இரைச்சலோ எல்லா அளவுகளிலும் சமமாகப் பரவும். எனவே மினுப்பும் புள்ளிகளும் கூரிய விளிம்புகளும் முதலில் அழிகின்றன. நிறத்திரளும் உருவமும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கின்றன. எந்த நுணுக்கத்துக்குக் கீழே உள்ளவற்றை மாதிரி புதிதாக எழுதலாம் என்று வகுக்கும் எல்லையே வலிமை என்பது என் வாதம்.

மேசைமேல் இருக்கும் சிவப்பு ஆப்பிளை எடுத்துக்கொள்வோம். அதை ஆரஞ்சுப் பழமாக்க 0.4 கொடுத்தால், தோல் சொரசொரப்பாகும், சிவப்பு விலகாது. 0.7 அளவில் நிறமும் பெரும்பாலும் மாறிவிடும். உருண்டை வடிவம் இரண்டுக்கும் பொதுவாதலால் இடையூறு இல்லை. வாழைப்பழம் கேட்டால் நிலைமை வேறு. அதே 0.7இல் உருண்டைத் திரள் இன்னும் பிடித்திழுக்கும். வாழைப்பழத் தோல் போர்த்திய ஆப்பிளைப் போல ஒன்று கிடைக்கலாம். காரணத்தை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. சீடு எண்ணை மாற்றாமல் வலிமையை மட்டும் மாற்றிப் படங்களை எடுத்து, மூலத்தையும் விளைவையும் நன்கு மங்கலாக்கி ஒப்பிட வேண்டும். மங்கிய நிலையில் இரண்டும் ஒன்றுபோலிருந்தால், எச்சம் இன்னும் ஆள்கிறது.

இங்கே பலரும் எண்ணை 1 வரை ஏற்றுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பொது மாதிரி ஒவ்வொரு படியிலும் மாஸ்க்குக்கு வெளியிலுள்ள மூலத்தைத் திரும்பப் பதித்துக்கொள்கிறதே தவிர, சுற்றுப்புறத்தைத் தனி உள்ளீடாகப் பெறுவதில்லை. அதனால் ஒளித்திசையும் அளவும் பிசகும். மாஸ்க்கையும் மறைத்த படத்தையும் சேர்த்து 9 சேனல்களாகப் பெறும் இன்பெயின்டிங் மாதிரி 1 என்ற வலிமையை நன்றாகத் தாங்கும். அது கையில் இல்லாவிட்டால், எச்சத்தையே மாற்றலாம்: மாஸ்க்கை வாழைப்பழ நீளத்துக்கு அகலமாக்கி, ஆப்பிளின்மேல் மேசையின் நிறத்தைப் பூசி, வளைந்த மஞ்சள் பட்டை ஒன்றைத் தோராயமாகத் தீட்டிய பின் 0.6 கொடுத்தால் போதும். அந்த மாஸ்க்கில் ஆப்பிளின் நிழலும் அடங்க வேண்டும். வெளியே விடப்பட்ட நிழல் எந்த வலிமைக்கும் அசையாமல், வாழைப்பழத்தின் அடியில் உருண்டையாகவே கிடக்கும்.