மீதி வேலைக்கு எவ்வளவு செலவாகும்? பிஎம்பி பரீட்சையில் EAC, TCPI வினாக்கள்

நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியிலும் டெக்சாஸிலும் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் எம்மவர் பலர் பிஎம்பி எனப்படும் செயற்திட்ட முகாமைத்துவப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அதில் வரும் கணக்கு வினாக்களுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஆயினும் சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்களும் EAC வினாவில் தடுமாறுகின்றனர். ஒரே எண்களுக்கு நான்கு சூத்திரங்கள் இருப்பதும், எதைப் பயன்படுத்துவது என்பதை வினாவின் ஒரு வாக்கியமே தீர்மானிப்பதும் இதற்குக் காரணம்.

முதலில் குறியீடுகளைப் பார்ப்போம். BAC என்பது முழு வேலைக்கும் ஒதுக்கிய பாதீடு. EV என்பது இதுவரை முடிந்த வேலையின் பாதீட்டுப் பெறுமதி. AC என்பது அதற்கு உண்மையில் செலவான பணம். EV-ஐ AC-ஆல் வகுத்தால் CPI கிடைக்கும். இது செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் எவ்வளவு வேலை நடந்தது என்பதைச் சொல்கிறது. EAC என்பது வேலை முடியும்போது மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற மதிப்பீடு.

ஓர் எளிய கணக்கை எடுப்போம். நியூ ஜேர்சியில் ஓர் அலுவலகத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றும் வேலைக்குப் பாதீடு 200,000 டொலர். 80,000 டொலர் பெறுமதியான வேலை முடிந்திருக்கிறது, ஆனால் 100,000 டொலர் செலவாகிவிட்டது. எனவே CPI 0.8. இன்னும் 120,000 டொலர் பெறுமதியான வேலை மீதியிருக்கிறது.

இனி வினாவின் சொற்களைக் கவனிக்க வேண்டும். "புயல் வெள்ளத்தால் ஒருமுறை ஏற்பட்ட செலவு, இனி வேலை திட்டமிட்டபடி நடக்கும்" என்றிருந்தால், மீதி வேலையைப் பாதீட்டு விலையிலேயே கூட்ட வேண்டும். விடை 220,000.

```
EAC = AC + (BAC - EV)
```

"இதே போக்கு தொடரும்" என்றிருந்தால் கடந்தகாலத் திறனே எதிர்காலத்துக்கும் பொருந்தும். விடை 250,000.

```
EAC = BAC / CPI
```

செலவும் கூடி, கால அட்டவணையும் பின்தங்கி, முடிவுத் திகதியையும் மாற்ற முடியாது என்று வினா சொன்னால், இரண்டு பாதிப்புகளையும் மீதி வேலையின் மீது ஏற்ற வேண்டும். இங்கே SPI என்பது இந்நாள்வரை முடிந்திருக்க வேண்டிய வேலையின் பெறுமதியால், அதாவது PV-ஆல், EV-ஐ வகுத்து வருவது.

```
EAC = AC + (BAC - EV) / (CPI * SPI)
```

நான்காவது நிலையில், முதல் மதிப்பீடே தவறு என்று தெரிந்து, குழுவினர் மீதி வேலையை அடியிலிருந்து புதிதாக மதிப்பிட்டிருப்பார்கள். அப்போது அந்தப் புதிய தொகையை AC-யுடன் கூட்டினால் போதும், CPI தேவையில்லை. வினாவில் எந்தக் குறிப்பும் இல்லாமல் எண்கள் மட்டும் இருந்தால், வழமையாக எதிர்பார்க்கப்படுவது BAC / CPI.

TCPI வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. கையிலுள்ள பணத்துக்குள் மீதி வேலையை முடிக்க, இனி ஒவ்வொரு டொலரும் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதே அக்கேள்வி. மேலே எப்போதும் மீதி வேலை, கீழே மீதிப் பணம்.

```
TCPI = (BAC - EV) / (BAC - AC)
TCPI = (BAC - EV) / (EAC - AC)
```

பழைய பாதீட்டையே காப்பாற்ற வேண்டும் என்றால் முதலாவது. புதிய EAC-க்கு நிர்வாகம் அனுமதி வழங்கிவிட்டது என்றால் இரண்டாவது. எமது கணக்கில் முதலாவதன் விடை 1.2. பலர் வழுக்குவது இங்கேதான். CPI 1-ஐத் தாண்டினால் நல்ல செய்தி. TCPI 1-ஐத் தாண்டினால், இனித் திட்டமிட்டதை விடச் சிறப்பாக வேலை செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி. இதுவரை ஒரு டொலருக்கு 80 சதம் வேலை செய்த குழு இனி 1 டொலர் 20 சதம் வேலை செய்ய வேண்டும், அதாவது திறன் ஒன்றரை மடங்காக வேண்டும். AC ஏற்கெனவே BAC-ஐத் தாண்டியிருந்தால் முதற் சூத்திரத்தின் விடை எதிர்மறையாகும். பழைய பாதீடு கைவிட்டுப் போய்விட்டது என்பதே அதன் பொருள்.

விடையைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. 250,000-ஐ இரண்டாவது சூத்திரத்தில் இட்டால் TCPI 0.8 வரும், அதாவது CPI-யே திரும்பி வரும். 220,000-ஐ இட்டால் சரியாக 1 வரும். இந்த இரண்டு EAC சூத்திரங்களுக்கும் இது எப்போதும் பொருந்தும். வேறு எண் வந்தால் கணக்கில் எங்கோ பிழை.

இந்த எண்கள் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 போர்விமானத் திட்டம் சான்று. 1988 ஜனவரியில் ஒப்பந்தம் மக்டொனல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. ஜெனரல் டைனமிக்ஸின் விமானத் தொழிற்சாலை டெக்சாஸின் ஃபோர்ட் வேர்த் நகரில் இருந்தது. ஒப்பந்தத்தின் உச்ச விலை சுமார் 4,800 மில்லியன் டொலர். அதற்கு மேற்பட்ட செலவு நிறுவனங்களின் தலையில் விழும்.

1990 ஏப்ரல் நிலவரத்தை மில்லியன் டொலரில் முழுமைப்படுத்திப் பார்த்தால், BAC சுமார் 4,050, EV 1,490, AC 1,950. CPI 0.76. அப்போது நிறுவனங்கள் தந்த EAC சுமார் 4,400. மீதி வேலை 2,560, மீதிப் பணம் 2,450. ஆகவே TCPI 1.04.

1.04 என்பது சிறிய எண் போலத் தோன்றும். ஆனால் 0.76-இல் ஓடிய திட்டம் மீதி முழுவதையும் 1.04-இல் ஓடி முடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். மீதி வேலை பாதீட்டு விலையிலேயே நடக்கும் என்ற முதற் சூத்திரம்கூட 4,510 தருகிறது. 4,400 அதையும் விடக் குறைவு. இதே போக்கு தொடர்ந்தால் 5,300, அது உச்ச விலைக்கும் மேல். PV 2,080 என்பதால் SPI 0.72. கால தாமதத்தையும் சேர்த்தால் தொகை 6,600-ஐத் தாண்டுகிறது.

அந்த ஏப்ரலில் பாதுகாப்புச் செயலாளர் டிக் செனி, திட்டம் ஒழுங்காக நடப்பதாகவே காங்கிரசுக்குத் தெரிவித்தார். ஜூன் தொடக்கத்தில் நிறுவனங்களே செலவு உச்ச விலையைத் தாண்டும் என்று அறிவித்தன. 1991 ஜனவரி 7 அன்று திட்டம் இரத்தானது. அதன் வழக்கு 2014 வரை இழுபட்டது.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை ஆராய்ந்த டேவிட் கிறிஸ்டென்சன், வேலை 20 விழுக்காடு முடிந்தபின் திரண்ட CPI பெரிதாக மாறுவதில்லை என்று கண்டார். ஏ-12 அப்போது 37 விழுக்காடு முடிந்திருந்தது. ஆனால் மூன்று மாத மென்பொருள் வேலையின் இரண்டாம் வாரத்தில் வரும் CPI-ஐ அவ்வளவு நம்ப முடியாது.

ஆகவே வினாவில் EAC தரப்பட்டிருந்தால், அதன் TCPI-ஐக் கணித்து CPI-க்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்து, வேலைமுறை மாறியதற்கான காரணம் எதுவும் வினாவில் இல்லையென்றால், அந்த மதிப்பீட்டை மீளாய்வு செய்யச் சொல்லும் தெரிவே பெரும்பாலும் சரியான விடை.