நெருக்கடிநிலையின் முடிவும் கொங்கு நாட்டின் வாக்கும்: 1977 தேர்தலை முன்வைத்து ஒரு மீள்பார்வை

பொருளாதார வளர்ச்சி மக்களாட்சிக்கு அடித்தளமிடுகிறது என்னும் கருத்தை 1959இல் லிப்செட் முன்வைத்தார். எழுத்தறிவும் தொழில்வளமும் நடுத்தர வர்க்கமும் பெருகிய சமூகம் அதிகாரக் குவிப்பை நெடுங்காலம் பொறுப்பதில்லை என்பது அதன் சாரம். இதற்கு மாறாக, ஆளும் தரப்பினருக்குள் நிகழும் பேரமும் பிளவுமே ஆட்சிமாற்றத்தைத் தீர்மானிக்கின்றன என 1986இல் ஓ'டோனலும் ஷ்மிட்டரும் வாதிட்டனர். இவ்விரு விளக்கங்களையும் 1975–77 நெருக்கடிநிலையைக் கொண்டு சோதிக்கக் கோயம்புத்தூர் நல்ல களமாகும்.

1977 மார்ச்சுத் தேர்தலில் தொழில்வளம் குன்றிய உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசு ஓரிடத்தையும் பெறவில்லை. பஞ்சாலைகளும் எந்திரத் தொழிற்கூடங்களும் நிறைந்த கோயம்புத்தூரோ, நெருக்கடிநிலையை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பார்வதி கிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்தது. பழனியில் நெருக்கடிநிலைக் கால நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம் வென்றார். மாநிலத்தின் 39 தொகுதிகளில் 34 அ.தி.மு.க.–காங்கிரசு–கம்யூனிஸ்டுக் கூட்டணிக்குச் சென்றன. லிப்செட் கருத்தின்படி எதிர்பார்க்கத்தக்கது இதற்கு நேர்மாறானது.

இதனை விளக்க வட்டாரப் பேரத்தைக் காணவேண்டும். 1975 செப்டம்பரில் அவசரச் சட்டமொன்று குறைந்தபட்ச போனசை 8.33 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்தது. ஆலை உரிமையாளருக்கு இது ஆதாயம். தொழிலாளருக்கு நேரடி இழப்பு. ஆயினும் ஆலைத் தொழிலாளரிடையே வேரூன்றியிருந்த கட்சியே ஆளும் அணியில் இருந்ததால், அந்த அதிருப்தி தேர்தல் எதிர்ப்பாகத் திரள்வதற்கான வழி குறுகியது. 1975 அக்டோபரில் காமராசர் மறைந்தபின் அவருடைய கட்சியினரில் பெரும்பகுதியினர் இந்திராவின் காங்கிரசில் இணைந்தனர். 1976 சனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. எதிர்ப்புக்குத் தலைமை ஏற்கக்கூடியவர்கள் ஒருவர்பின் ஒருவராக அணைக்கப்பட்டனர் அல்லது அகற்றப்பட்டனர்.

எனினும் இவ்வாக்கை நெருக்கடிநிலைக்கான ஒப்புதலாகக் கொள்வது தவறு. பலர் எம்.ஜி.ஆருக்கே வாக்களித்திருக்கலாம், வடக்கில் கட்டாயக் கருத்தடை கிளப்பிய சீற்றமும் இங்கு அவ்வளவு இல்லை. தி.மு.க. ஆட்சி கலைக்கப்படும்வரை அடக்குமுறையின் கடுமையும் தமிழகத்தில் குறைவே. ஒரு வட்டாரத்தின் வாக்கைக் கொண்டு நாடளாவிய கோட்பாட்டை முழுமையாக மறுக்கவும் இயலாது.

தில்லி நிகழ்வுகளின் வரிசையோ பேர விளக்கத்தையும் சோதிக்கிறது. ஆளும் தரப்பின் பிளவின்றி மாற்றம் தொடங்காது என்கிறது அக்கோட்பாடு. ஆனால் தேர்தல் அறிவிப்பு வெளியானது 1977 சனவரி 18. சகசீவன்ராம் விலகியது பிப்ரவரி 2. வெளிப்படையான பிளவு கதவைத் திறக்கவில்லை. திறந்த கதவை மீண்டும் அடைப்பதைத்தான் அரிதாக்கியது. கோவையில் அத்தகைய பிளவு தேர்தலுக்கு முன் நேரவில்லை. நெருக்கடிநிலையை ஆதரித்தது தவறென்று இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி ஒப்புக்கொண்டது 1978இல், பட்டிண்டா மாநாட்டில்.